சேர்க்கை சரியில்லை

கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு அந்த அமெரிக்க இளைஞனுக்கு டைப்ரைட்டர் விற்கும் வேலை கிடைத்தது. நேர்மை, நியாயம் என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அப்படியே நம்பியவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒன்று கண்ணில் பட்டது. மெஷினுக்கு ஒரே விலை கிடையாது. பேரம் பேசிப் பொறுமையாகக் காத்திருப்பவருக்குப் பட்டியல் விலையில் ஏறக்குறைய பாதிக்கே கிடைத்தது. பேரம் தெரியாத அப்பாவி முழு விலையையும் எண்ணி வைத்துவிட்டுப் போனான். இது நியாயமில்லையே என்று கூட வேலை செய்தவர்களிடம் கேட்டான். அவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு முக்கியம். பின்னால் அதற்குத் திரும்ப வருவோம்.

பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் மறந்துவிடு, சுத்த நேர்மையாக இருந்தால் கையில் காசு சேராது என்று அவர்கள் புத்தி சொன்னார்கள். பணம்தான் எல்லாமா என்று கேட்டதற்கும் கேலிதான் மிஞ்சியது. வேலையை விட்டுவிட்டான்.

அடுத்தது தையல் மெஷின். கம்பெனிக்கு 18 டாலர் அடக்கமான ஒரு மெஷினை 40 டாலருக்கு விற்க வேண்டும். 19 டாலர் அடக்கமான இன்னொன்றை 70 டாலருக்கு விற்க வேண்டும். முடிந்தவரை இரண்டாவதையே வாடிக்கையாளர் தலையில் கட்ட வேண்டும். அது ஏன் உசத்தி என்று சொல்வதற்குக் காரணங்களை எழுதியே கொடுத்திருந்தார்கள். ஒரே டாலர் வித்தியாசத்தில் முப்பது டாலர் கூடுதல். இது ஏமாற்று வேலை என்று சொல்லி அதையும் விட்டான். மேனேஜர் இவனை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாராம். நாட்டில் இதைவிடச் சுத்தமான தொழில் வேறில்லை என்று கோபித்துக்கொண்டாராம்.

அதன் பிறகு வெகுநாள் வேலை இல்லை. அந்தச் சமயத்தில் கல்லூரியில் கூடப் படித்தவர்களை அவ்வப்போது சந்தித்தான். எல்லோருக்கும் இதே அனுபவம். எல்லோருக்கும் காதலி இருந்தாள், கல்யாணம் பண்ணிக்கொண்டு வசதியாகக் குடித்தனம் நடத்தும் ஆசை இருந்தது. ரொம்ப நேர்மை பார்த்தால் பட்டினிதான் என்றார்கள். முதல் வேலையை உதறியபோது இருந்த உறுதி தன்னிடம் தளர்ந்துவிட்டதாக அவனே சொல்கிறான்.

மூன்றாவது, பழைய கார் வியாபாரம். முன்பு பார்த்த இரண்டு தொழிலும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. விரிசல் விட்ட சிலிண்டர், பாதிப் பற்கள் உதிர்ந்த ஃப்ளைவீல், எல்லாக் கோளாறும் உள்ள வண்டி, எதுவானாலும் 'கேரண்டி' என்று சொல்லி விற்றார்கள். வாங்கியவர் திரும்பி வந்து கேட்டால் கோர்ட்டுக்குப் போய்த்தான் அந்தக் கேரண்டியை வாங்க வேண்டும். அவ்வளவு தூரம் யார் அலையப் போகிறார்கள் என்று முதலாளிக்கு மனித சுபாவத்தின்மேல் அசாத்திய நம்பிக்கை. மாட்டிக்கொள்ளாமல் விற்க முடியும் என்றால் திருட்டு வண்டியையும் வாங்கிப் போட்டார். இந்த முறை அந்த இளைஞன் வேலையை விடவில்லை.

தன்னுடன் வேலை செய்தவர்களைப் பற்றி அவன் சொல்லும் இரண்டு விஷயங்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். வாடிக்கையாளரை யார் எப்படிக் கவிழ்த்தார்கள் என்று அவர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சாமர்த்தியம். அதே ஆட்கள் ரவுடிகளையும் கொள்ளைக்காரர்களையும் சில்லறைத் திருடர்களையும் ஒரே குரலில் திட்டினார்கள். தாங்களும் அந்த வகைதான் என்று யாராவது சொல்லியிருந்தால் கொதித்துப் போயிருப்பார்கள்.

இந்த வாக்குமூலம் 'ஒயிட் காலர் கிரைம்' என்ற புத்தகத்தில் இருக்கிறது. 1949இல் வெளியானது. எழுதியவர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்த எட்வின் சதர்லேண்ட். போலீஸ் ஸ்டேஷன் படியேறாத ஒரு கார் வியாபாரியின் கதைக்குக் குற்றவியல் புத்தகத்தில் என்ன வேலை? சதர்லேண்ட் வேண்டுமென்றேதான் அதை அங்கே வைத்தார்.

அவர் காலத்தில் குற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் வேறு மாதிரி இருந்தன. இத்தாலிய மருத்துவர் லோம்ப்ரோசோ 19ஆம் நூற்றாண்டில் குற்றவாளியின் மண்டையோட்டிலும் தாடையிலும் காரணம் தேடினார். பின்னால் வந்தவர்கள் மந்த புத்தி என்றார்கள். சமூகவியலாளர்கள் வறுமை, சிதறிய குடும்பம் என்றார்கள். சதர்லேண்டின் கேள்வி எளிமையானது. வறுமைதான் காரணம் என்றால் பணக்காரக் கம்பெனிகள் ஏன் சட்டத்தை மீறுகின்றன? அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்கள்மீது நீதிமன்றங்களும் அரசு ஆணையங்களும் வழங்கிய தீர்ப்புகளைத் திரட்டினார். பாதகமான தீர்ப்புகள் 980. ஒரு நிறுவனத்துக்குச் சராசரி 14. ஒன்றுகூட வாங்காத நிறுவனம் அந்த எழுபதில் கிடையாது. வழக்குக்குப் பயந்த பதிப்பகம் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் சொன்னது. பெயர்களோடு முழுப் புத்தகம் வெளிவந்தது 1983இல்தான். சதர்லேண்ட் இறந்து அப்போது 33 வருடங்கள் ஆகியிருந்தன.

மண்டையோட்டில் இல்லை, பசியிலும் இல்லை என்றால் பிறகு குற்றம் எங்கிருந்து வருகிறது? கற்றுக்கொள்வதால் வருகிறது என்றார் சதர்லேண்ட். சைக்கிள் ஓட்டவும் கணக்குப் போடவும் எப்படிப் பழகுகிறோமோ அப்படித்தான் இதுவும். இதற்கென்று தனி மூளை தேவையில்லை. 1939இல் தன்னுடைய பாடநூலில் இதை முதன்முதலாக எழுதினார். 1947இல் ஒன்பது வாக்கியங்களாகச் சுருக்கினார். டிஃபரன்ஷியல் அசோசியேஷன் என்று அதற்குப் பெயர். தமிழில் வேறுபட்ட தொடர்புக் கோட்பாடு என்று பாடப்புத்தகக்காரர்கள் எழுதுவார்கள். நம் வீடுகளில் 'பையனுக்குச் சேர்க்கை சரியில்லை' என்று சொல்கிறோமே, அந்தச் சேர்க்கைதான் விஷயம். ஆனால் நாம் சொல்வதற்கும் அவர் சொன்னதற்கும் இடையே ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு.

கெட்டவனோடு திரிந்தால் கெட்டுப்போவான் என்பது நம் கணக்கு. அது உண்மையானால் முதலில் கெட்டுப்போக வேண்டியவர்கள் போலீஸ்காரர்களும் ஜெயில் வார்டர்களும்தான். திருடர்களோடு அவர்களைவிட அதிகமாகப் பழகுபவர் யார்? சதர்லேண்ட் ஆட்களை எண்ணவில்லை, ஆட்களிடமிருந்து வரும் நியாயங்களை எண்ணினார். ஒரு செயலுக்கு நாம் வைக்கும் பெயரும், அது பரவாயில்லை என்றோ கூடாது என்றோ சொல்லும் பேச்சும் சேர்ந்ததுதான் இங்கே நியாயம். சட்டத்தை மீறலாம் என்கிற நியாயங்கள் ஒருவர் காதில் ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருக்கும். மீறக் கூடாது என்கிற நியாயங்கள் இன்னொரு பக்கம் விழும். முதல் தட்டு கனமாகும்போது மனிதன் சாய்கிறான். அந்த இரண்டு தட்டுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் டிஃபரன்ஷியல். கெட்ட சகவாசம் இருப்பது மட்டும் கணக்கல்ல, நல்ல பேச்சு வற்றிப்போவதும் கணக்கில் வருகிறது.

குற்றத்துக்கான கைவேலையையும் கற்கத்தான் வேண்டும். சதர்லேண்ட் 1937இல் ஒரு தொழில்முறைத் திருடரின் அனுபவங்களைத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார். அதில் பிக்பாக்கெட் கூட்டம் வேலையை எப்படிப் பங்குபோட்டுக்கொள்ளும் என்று வருகிறது. ஆளை இடித்து நிறுத்தி அவன் கவனத்தைத் திருப்ப ஒருவன், பர்ஸை எடுக்க இன்னொருவன். அந்த விரல் பழக்கம் குருவிடம் இருந்து கற்காமல் வராது. ஆனால் கார் வியாபாரிக்கு அப்படி எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை. விரிசல் விட்ட சிலிண்டரை நல்லது என்று சொல்ல யாருக்கும் தெரியும். அவன் கற்றுக்கொண்டது மோசடிக்குச் சாமர்த்தியம் என்று இன்னொரு பெயர் உண்டு என்பதைத்தான்.

இதை எழுதும்போது என்னுடைய முதல் வேலை ஞாபகம் வருகிறது. மாதக் கடைசியில் போக்குவரத்துச் செலவை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் போனதற்குப் பஸ் காசை எழுதினேன். பக்கத்து மேஜை அண்ணன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "என்ன தம்பி, நீ மட்டும் பஸ்ஸுன்னு எழுதினா, நாங்க ஆட்டோன்னு எழுதினது என்னாகும்?" என்றார். மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே, சிரித்தபடிதான் சொன்னார். "சம்பளத்துல விட்டதை இதுல பிடிக்கிறோம், அவ்வளவுதான்." அடுத்த மாதம் நானும் ஆட்டோ என்று எழுதினேன். அதைத் திருட்டு என்று அந்த அலுவலகத்தில் யாரும் நினைத்ததில்லை. நானும் அப்போது நினைக்கவில்லை.

சில நேரம் இந்த நியாயம் ஒரே சொல்லுக்குள் சுருண்டு கிடக்கும். மாமூல் என்கிறோம். அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு வழக்கமானது என்றுதான் பொருள். மாமூல் வாழ்க்கை என்று சொல்லும்போது அந்தப் பொருளில்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். வழக்கமானது என்று பெயர் வைத்துவிட்டால் வாங்குகிற கை கூசுவதில்லை. லஞ்சம் என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டே லஞ்சம் வாங்குகிறவர்கள் குறைவு.

எல்லாப் பேச்சுக்கும் ஒரே எடை கிடையாது என்பதையும் சதர்லேண்ட் பார்த்தார். எத்தனை முறை கேட்டோம், எத்தனை காலம் கேட்டோம், எந்த வயதில் முதலில் கேட்டோம், சொன்னவர் நமக்கு எவ்வளவு நெருக்கம் என்ற நான்கைப் பொறுத்து எடை மாறும். டைப்ரைட்டர் இளைஞனை இந்தத் தராசில் நிறுத்திப் பாருங்கள். அவனுடைய நேர்மை சின்ன வயதில் வீட்டில் விதைக்கப்பட்டது. அதனால்தான் இரண்டு வேலைகளை உதற முடிந்தது. ஆனால் வீடும் பள்ளியும் பின்னால் தங்கிவிட்டன. கடையில் தினமும் கேட்டது வேறு பேச்சு. அப்போதும் முழுதாகச் சாயவில்லை. டைப்ரைட்டர்க் கடைக்காரர்கள் அவனுக்கு அந்நியர்கள், தையல் மெஷின் மேனேஜர் அந்நியர். தராசைச் சாய்த்தவர்கள் கூடப் படித்த நண்பர்கள். அவர்கள் எந்த மோசடியையும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன்னைப் போலவே இருந்தவர்கள், தன்னைப் போலவே கல்யாணம் பண்ணிக்கொள்ளக் காத்திருந்தவர்கள், வேறு வழியில்லை என்று சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது. வாக்குமூலத்தில் ஓரிரு வரிகளில் வந்துபோகும் அந்த இடைவேளைதான் என் கணக்கில் முழுக் கதையின் திருப்பம்.

சினிமாவும் பத்திரிகையும் இதில் அதிகம் செய்வதில்லை என்பது சதர்லேண்டின் கருத்து. நெருங்கிய சின்னக் கூட்டத்தில்தான் கற்றல் நடக்கிறது என்றார். சினிமா பார்த்துத்தான் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். எழுபது வருடங்களுக்கு முன்பே ஒருவர் அதை இப்படித் தள்ளி வைத்திருக்கிறார். முழுக்கத் தள்ளலாமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கைக்குள் இருக்கும் போனில் நெருங்கிய கூட்டமும் சினிமாவும் ஒரே இடத்தில் ஓடுகிற காலத்தை அவர் பார்க்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு உதாரணம் பெற்றோர்களைத் திடுக்கிட வைக்கும். குற்றம் மலிந்த ஒரு தெருவில் இரண்டு பையன்கள். ஒருவன் கலகலப்பானவன், விளையாட்டுப் பிள்ளை, நாலு பேரோடு பழகுகிறவன். மற்றவன் மனக்கோளாறு உள்ளவன், யாரோடும் ஒட்டாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பவன். சிக்கலில் மாட்டப் போவது முதலாமவன். தெருவில் பேசப்படும் நியாயங்கள் அவன் காதில்தான் விழுகின்றன. அதே கலகலப்பான பையன் வேறு தெருவில் பிறந்திருந்தால் சாரணர் படையில் சேர்ந்திருப்பான். குணம் ஒன்றுதான், சேர்க்கைதான் வேறு.

இதெல்லாம் கேட்கச் சரியாக இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியுமா? ஐம்பது வருடங்களுக்குப் பிறகு ஒருவர் பார்த்தார். ஆரிகன் மாநிலத்தில் தாமஸ் டிஷன் என்ற உளவியலாளர் 206 பையன்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் வேலை செய்தார். பையன்களுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதானபோது, உன் நெருங்கிய நண்பனைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னார்கள். இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, 25 நிமிடம் பேசவிட்டு வீடியோ எடுத்தார்கள். சேர்ந்து என்ன செய்யலாம் என்று திட்டம் போடுங்கள், உங்களுக்குள்ள ஒரு பிரச்சினையைப் பேசித் தீருங்கள் என்பது போன்ற சாதாரணத் தலைப்புகள்தான்.

பிறகு அந்த வீடியோக்களை நொடி நொடியாகப் பார்த்துக் குறித்தார்கள். குறித்தது இரண்டே விஷயம். பேச்சு விதிமீறலைப் பற்றியதா, சாதாரணமானதா? அதற்கு நண்பன் சிரித்தானா, சும்மா இருந்தானா? ஏற்கனவே போலீஸில் மாட்டிய இருவர் ஜோடியாக இருந்த அறைகளில், வாத்தியாரை ஏய்த்தது, கடையில் எடுத்தது என்று பேச்சு வந்தால் சிரிப்பு வந்தது. மற்றதைப் பேசினால் மௌனம். சிரித்த பக்கம்தான் பேச்சு மறுபடியும் போனது. ஒழுங்கான பையன்களின் அறைகளில் இது தலைகீழாக இருந்தது. அங்கே சாதாரணப் பேச்சுக்குத்தான் சிரிப்பு கிடைத்தது. விதிமீறல் பேச்சு எழுந்தாலும் பிடிப்பார் இல்லாமல் விழுந்துவிடும்.

அந்த அறையில் யாரும் யாருக்கும் எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. வா, திருடலாம் என்று ஒருவன் அழைக்கவும் இல்லை. ஒருவன் சொன்னான், மற்றவன் சிரித்தான். ஆனால் விதிமீறல் பேச்சுக்குச் சிரிப்பு கிடைத்த பையன்கள் அடுத்த சில வருடங்களில் போதைப் பழக்கத்திலும் தப்புத்தண்டாவிலும் கூடுதலாக இறங்கினார்கள். அதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதைக் கணக்கில் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு மிஞ்சியது. டைப்ரைட்டர்க் கடையில் அந்த இளைஞன் கேட்ட சிரிப்புக்கு இப்போது திரும்பலாம். அவனுடைய கேள்வி அங்கே சிரிப்புக்குரியது, முழு விலை கொடுத்தவனின் ஏமாற்றம் சாமர்த்தியத்துக்குச் சாட்சி. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதிலிருந்தே ஒரு கூட்டத்தின் சட்டப் புத்தகத்தைப் படித்துவிடலாம்.

சதர்லேண்டைக் கேள்வி கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஷெல்டன், எலினர் க்ளூக் தம்பதியினர் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. கூட்டம் பையனைக் கெடுக்கிறதா, கெட்ட பையன் தனக்கேற்ற கூட்டத்தைத் தேடிப் போகிறானா? இனம் இனத்தோடு சேரும் என்று நாமும் சொல்கிறோம். இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்தில் கிடைத்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகளை வருடாவருடம் விசாரித்து வந்த ஆய்வாளர்கள், ரவுடிக் கும்பல்களில் சேர்ந்த பையன்களைச் சேர்வதற்கு முன்பும் இருக்கும்போதும் விலகிய பின்பும் ஒப்பிட்டு 1993இல் எழுதினார்கள். சேர்வதற்கு முன் அவர்கள் மற்றவர்களைவிட ரொம்ப மோசமாக இல்லை. கும்பலில் இருந்த காலத்தில் குற்றங்கள் எகிறின. விலகியதும் இறங்கின. இனம் இனத்தைத் தேடுவதும் நடக்கிறது. ஆனால் தேடிப் போன இடம் ஆளை மாற்றவும் செய்கிறது.

இதைவிடத் தொந்தரவான கேள்வியைக் கொண்டுவந்தவர் சதர்லேண்டின் மாணவரே. டொனால்ட் க்ரெஸி இல்லினாய், கலிஃபோர்னியா, இந்தியானா மாநிலங்களிலுள்ள சிறைகளில் பணக் கையாடலுக்காக உள்ளே இருந்த 133 பேரிடம் பேசினார். வங்கிக் காசாளர், கணக்குப்பிள்ளை போன்றவர்கள். இவர்களுக்குத் திருட்டுக் கூட்டாளிகள் இல்லை. கையாடும் வித்தையை யாரும் கற்பிக்கவும் இல்லை, தங்கள் வேலைக்குத் தெரிய வேண்டிய கணக்கே போதுமானதாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் வெளியே சொல்ல முடியாத ஒரு பணச் சிக்கல் இருந்தது. பெண்டாட்டியிடமும் முதலாளியிடமும் வாய் திறக்க முடியாத அளவு அவமானமான சிக்கல். தனியாகவே இறங்கினார்கள். அப்படியானால் சேர்க்கை எங்கே போயிற்று?

க்ரெஸி தோண்டிப் பார்த்ததில் பலரிடம் ஒரு சொல் அகப்பட்டது. கடன். திருடவில்லை, கைமாற்றாக எடுத்தேன், திருப்பி வைத்துவிடுவதாகத்தான் இருந்தேன் என்றார்கள். பணத்தைத் தொடுவதற்கு முன்பே அவர்கள் வாய்க்குள் அந்தச் சொல் தயாராக இருந்தது. அது கள்ளர் குகையில் கற்ற சொல் அல்ல. ஊரில் எல்லோரும் பேசுகிற சொல், தொழில் உலகம் முழுக்கப் புழங்குகிற சொல். அடுத்தவர் பணத்தைக் கைமாற்றாக வாங்கித் தொழிலை நிமிர்த்தியவரை ஊரே பாராட்டுகிறதே. கூட்டாளி இல்லாமல் குற்றம் செய்யலாம், ஆனால் நியாயம் இல்லாமல் செய்வது கஷ்டம் என்பதுதான் க்ரெஸி கண்டது. சதர்லேண்டின் பாதிக் கோட்பாடு இங்கே உடைகிறது, மறுபாதி கெட்டியாகிறது.

தராசில் எத்தனை நியாயம் எந்தப் பக்கம் விழுந்தது என்று எண்ண யாராலும் முடியாது என்பது மூன்றாவது குறை. அதற்கு இன்றுவரை நல்ல பதில் கிடையாது. ஒருவன் குற்றம் செய்த பிறகு, அந்தப் பக்கம் கனமாக இருந்திருக்கும் என்று சொல்வது சுலபம். முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம். ஆள்மாறாட்டம் செய்துகொண்டு திடீரென்று கோபத்தில் கத்தியை எடுப்பவனுக்கும் இந்தத் தராசு அதிகம் உதவாது.

ஆனால் பையன்களைத் திருத்துகிறோம் என்று கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கோட்பாடு ஓர் எச்சரிக்கையை வைத்திருக்கிறது. அதை டிஷனே பட்டுத் தெரிந்துகொண்டார். தடம் மாறக்கூடிய பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுக்களாகக் கூட்டி, நல்ல பயிற்சியாளர்களை வைத்து, படிப்பும் கட்டுப்பாடும் சொல்லிக் கொடுக்கும் ஒரு திட்டத்தை நடத்தினார். குழுக் கூட்டங்கள் நன்றாகவே நடந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், குழுவில் இருந்த பிள்ளைகளிடம் புகைப்பழக்கம் கூடியிருந்தது. பள்ளியிலும் ஆசிரியர்கள் அவர்களைப் பற்றிக் கூடுதலாகக் குறை சொன்னார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் பயிற்சியாளர் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள் பலர்.

இதைப் படித்த ஜோன் மெக்கார்டுக்குத் தன்னிடமிருந்த பழைய கோப்புகள் ஞாபகம் வந்தன. அவை 1939இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கோப்புகள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஏழைப் பேட்டைகளைச் சேர்ந்த 506 சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது, குடும்பம், குணம் எல்லாம் ஒத்த இரண்டிரண்டு பேராக 253 ஜோடி சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் காசு சுண்டிப் போட்டு, ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு இல்லை என்று முடிவு செய்தார்கள். உதவி பெற்றவனின் வீட்டுக்கு ஆலோசகர் தவறாமல் வந்து பார்த்தார். டியூஷன், வைத்தியம், கோடைக்கால கேம்ப் எல்லாம் கிடைத்தன. சராசரியாக ஐந்து வருடங்களுக்கு மேல் இது நடந்தது.

முப்பது வருடங்கள் கழித்து மெக்கார்டு அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றே சொன்னார்கள். பதிவேடுகள் வேறு மாதிரி சொன்னன. மறுபடியும் குற்றம் செய்வது, குடிக்கு அடிமையாவது, சின்ன வயதில் சாவது என்று பார்த்த இடங்களில் உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள். 1978இல் அவர் இதை எழுதியபோது பலருக்கு நம்ப முடியவில்லை. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

டிஷனின் ஆய்வைப் பார்த்த பிறகு அவர் கோப்புகளைத் திரும்பப் பிரித்தார். இந்த முறை கேம்ப்புக்கு யார் போனார்கள் என்று பார்த்தார். கோடை கேம்ப்புக்கே போகாத பையன்களும், ஒரே ஒரு கோடை போனவர்களும், தங்கள் ஜோடிகளைவிட அப்படியொன்றும் மோசமாகவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கோடைகள் போனவர்களிடம்தான் கேடு குவிந்து கிடந்தது. ஏரிக்கரையிலோ மரத்தடியிலோ, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத மாலை நேரங்களில், பையன்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் பிரதாபங்களைச் சொல்லி ஒருவருக்கொருவர் சிரித்திருப்பார்கள் என்பது மெக்கார்டின் ஊகம். அந்தப் பேச்சை யாரும் பதிவு செய்யவில்லை. கோப்பில் இருப்பது ஒவ்வொரு பையனும் எத்தனை கோடை போனான் என்ற குறிப்பும், அதற்குப் பக்கத்தில் அவனுடைய ஜோடியின் வரியும்தான். காசு வேறு பக்கம் விழுந்ததால் கேம்ப்புக்குப் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட பையன்.